பொறுப்பில் இருந்தவர் என்ன செய்தார்?

வேலைக்கு விண்ணப்பிப்பவர்களின் பயோடேட்டாக்களைத் திருத்திக் கொடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வருவார்கள். பெரும்பாலும் ஆலை, பட்டறை, மருத்துவமனை, கடை ஆகிய இடங்களில் பல வருடம் உழைத்தவர்கள். அவர்கள் கொண்டுவரும் தாளில் ஒரு சொற்றொடர் தவறாமல் இருக்கும்: ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’. கொள்முதலுக்குப் பொறுப்பாக இருந்தேன், இருப்புக்குப் பொறுப்பாக இருந்தேன், பணியாளர்களுக்குப் பொறுப்பாக இருந்தேன். சில தாள்களில் மேலிருந்து கீழ்வரை எல்லா வரியும் அதே சொல்லில்தான் தொடங்கும். ஆங்கில பயோடேட்டாவில் ‘நான்’ என்று எழுதுவதில்லை. வரியின் முதல் சொல்லே வேலையைச் சொல்ல வேண்டும். ஆள் எடுப்பவரின் கண் இடது ஓரமாகவே கீழே இறங்குகிறது. அந்த ஓரம் முழுக்கப் பொறுப்பு, பொறுப்பு என்றிருந்தால், இருபது வருட உழைப்பில் அவர் கண்ணில் எதுவும் படாது.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்று என்பது. ஆனால் இலக்கணப்படி பார்த்தால் ‘பொறுப்பாக இருந்தேன்’ செயப்பாட்டு வினையே கிடையாது. அதில் ‘படு’ இல்லை; எழுவாய் ‘நான்’தான். ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஆகவே இங்கே நோய் வேறு. ‘இருந்தேன்’ என்பது ஒரு நிலை. ஒருவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதை அது சொல்கிறது. உட்கார்ந்து என்ன செய்தார் என்பதைச் சொல்வதில்லை. அந்தப் பதவியில் அவருக்கு முன்னால் இருந்தவரும் அவருக்குப் பின்னால் வந்தவரும் அதே வரியை அப்படியே எழுதிக்கொள்ளலாம். திறமையாகச் செய்தவரும் தூங்கி வழிந்தவரும்கூட எழுதலாம். இந்த வரியை இலக்கண விதியை வைத்துத் திருத்த முடியாது. எழுதியவரின் நினைவுக்குள் போய்த்தான் திருத்த வேண்டும்.

எப்படிப் போவது என்பதை ஒருவரை வைத்துச் சொல்கிறேன். பலரிடம் கேட்டதை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்கிறேன். எண்களும் விளக்கத்துக்காக நான் எளிமையாக்கியவை. கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல். ஆலை கைமாறியதில் வேலை போயிற்று. அவர் கொண்டுவந்த தாளில் வேலை அனுபவம் என்ற தலைப்பின் கீழ் மூன்று வரிகள். உதிரிபாகங்களின் இருப்புக்குப் பொறுப்பாக இருந்தேன். கொள்முதல் சம்பந்தமான பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். ஆண்டு இறுதிக் கணக்கெடுப்பு மேற்கொள்ளப்பட்டது. அவ்வளவுதான்.

“ஸ்டோர்ஸ்ல என்ன பண்ணினீங்க?” என்று கேட்டேன்.

“நானொன்னும் பெருசா பண்ணலீங்க சார். இருந்ததைப் பார்த்துக்கிட்டேன், அவ்வளவுதானுங்க.”

நம் ஊரில் ‘பார்த்துக்கிட்டேன்’ என்றால் அதற்குள் ஒரு ஆயுளே இருக்கலாம். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கிட்டேன் என்பவர் மருந்து, மலம், இரவுத்தூக்கம் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் வைத்துவிடுகிறார். கேட்பவர் உறவினர் என்றால் அது போதும், அவருக்குத் தெரியும். பயோடேட்டாவைப் படிப்பவர் அந்நியர். அந்தச் சொல்லை அவருக்கு முன்னால் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

நான் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, நீங்கள் அந்த வேலைக்குப் போனபோது அங்கே எது சரியில்லாமல் இருந்தது என்பது. சாதனை என்ன என்று கேட்டால் நம் ஆட்கள் கூச்சத்தில் மூடிக்கொள்வார்கள். தொல்லை என்ன என்று கேட்டால் கொட்டுவார்கள். இவரும் கொட்டினார். அவர் சேர்ந்த புதிதில் பெரிய தலைவலி ஸ்பிண்டில் டேப்.

நூற்பாலையை அறியாதவர்களுக்காக: ரிங் ஃபிரேமில் நூலை முறுக்கும் ஸ்பிண்டில்களை ஒரு நாடா சுழற்றுகிறது. பொதுவாக ஒரு டேப்புக்கு நான்கு ஸ்பிண்டில். டேப் அறுந்தால் அந்த நான்கும் நிற்கும். விலையை வைத்துப் பார்த்தால் சின்னச் சாமான்தான், ஆனால் அது கையிருப்பில் இல்லாவிட்டால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே உற்பத்தி கசிந்துகொண்டிருக்கும்.

அந்த ஆலையில் நாளொன்றுக்குச் சுமார் 10 டேப் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் போட்டால் சரக்கு வந்துசேர 20 நாள். அப்படியென்றால் வருவதற்குள் 200 தேவை. தாமதத்துக்காக இன்னும் 100 சேர்த்து, இருப்பு 300-க்கு இறங்கியதும் ஆர்டர் போட வேண்டும் என்று பின் கார்டில் எழுதி வைத்திருந்தார்கள். பின் கார்டு என்பது ஒவ்வொரு சாமானும் இருக்கும் தட்டில் தொங்கும் அட்டை. வந்தது, போனது, மிச்சம் மூன்றையும் அதில் எழுதுவார்கள். கணக்கு சரி, விதியும் சரி. ஆனால் ஒருநாள் அட்டையில் 340 என்று இருக்கிறது, தட்டில் எண்ணினால் 190.

இதன் விளைவைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அட்டை 300-ஐத் தொட இன்னும் 40 குறைய வேண்டும், அதாவது நான்கு நாள். அதற்குப் பிறகுதான் ஆர்டர் போகும். அப்போது தட்டில் உண்மையில் இருப்பது 150. அது 15 நாளுக்கு வரும். சரக்கு வருவதோ 20-ஆம் நாள். நடுவில் ஐந்து நாள் ஒரு டேப்கூட இல்லை. நாளுக்குப் பத்து அறுந்தால் ஐந்தாம் நாள் முடிவில் 50 டேப் இல்லாமல் 200 ஸ்பிண்டில் நிற்கும். யாரும் தவறான முடிவு எடுக்கவில்லை, யாரும் திருடவும் இல்லை. அட்டைக்கும் தட்டுக்கும் நடுவே இருந்த 150 டேப் வித்தியாசம்தான் காரணம்.

“அந்த நூத்தம்பது எங்கெ போச்சு?” என்றேன்.

“ராத்திரி போச்சுங்க. ஆறு மணிக்கு ஸ்டோர்ஸ் பூட்டிருவோம். நைட் ஷிப்ட்ல டேப் அறுந்தா ஃபிட்டர் என்ன பண்ணுவாரு? சூப்பர்வைசர்கிட்ட சாவி வாங்கித் தொறந்து எடுத்துக்குவாரு. சீட்டு எழுத மாட்டாரு. அவருக்கு மெஷின் ஓடோணும். தப்பு சொல்ல முடியாதுங்களே.”

இதைக் கண்டுபிடித்தது யார்? இவர்தான். ஒரு வாரம் காலையில் வந்ததும் முதல் வேலையாக டேப்பை எண்ணியிருக்கிறார். மாலையில் பூட்டும்போது ஒருமுறை. இரண்டுக்கும் வித்தியாசம் வந்ததும் புரிந்துவிட்டது. பிறகு, இரவில் அடிக்கடி தேவைப்படும் சாமான்களைத் தனியாகப் பிரித்து ஸ்டோர்ஸுக்கு வெளியே ஒரு அலமாரியில் வைத்தார். அதில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். ஃபிரேம் நம்பர், எத்தனை எடுத்தது, இரண்டை மட்டும் எழுதினால் போதும். காலையில் அதைப் பார்த்து இவர் அட்டையில் ஏற்றிக்கொள்வார்.

“எழுதினாங்களா?”

“எங்கங்க எழுதுனாங்க! முதல் மாசம் பாதிக்குப் பாதி எழுதலை. அப்புறம் மேஸ்திரி ஒரு யோசனை சொன்னாரு. அறுந்த பழைய டேப்பை ஒரு பெட்டியில போடச் சொல்லுங்க, பழசு வந்தாத்தான் புதுசுன்னு வச்சிருங்கன்னு. அதுக்கப்புறம் நோட்டுல எழுதாட்டியும் பெட்டியை எண்ணுனா கணக்கு வந்துருமுங்க.”

ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுவதை அவர் அத்தோடு விடவில்லை. ஸ்டோர்ஸில் அறுபது அலமாரி. தினமும் ஒன்றை எண்ணி அட்டையோடு ஒப்பிட்டார். வேலை நாட்களைக் கணக்கிட்டால் சுமார் இரண்டரை மாதத்தில் ஒரு சுற்று முடியும். வித்தியாசம் இருந்தால் அது இரண்டரை மாதத்துக்கு உள்ளேயே அகப்படும், காரணம் யாருக்காவது ஞாபகத்தில் இருக்கும்போதே. மார்ச் மாதக் கணக்கெடுப்பில் மட்டும் தெரியவந்தால் காரணம் எந்த ஷிப்டில் புதைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவும் ‘இருப்புக்குப் பொறுப்பாக இருந்தேன்’ என்ற வரிக்குள் கிடந்தது. அவர் வாயால் சொன்னபோது வந்த வினைச்சொற்களை நான் ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். எண்ணினேன், கண்டுபிடித்தேன், பிரித்தேன், வைத்தேன், தொங்கவிட்டேன், ஏற்றினேன், ஒப்பிட்டேன். ஒன்றுகூட ‘இருந்தேன்’ இல்லை. பேசும்போது தானாக வருகிற இந்த வினைகள் பேனா எடுத்ததும் ஓடிப்போவது ஏன் என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

ஒரு காரணம் நமது அலுவலக மொழி. நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது, ஆவன செய்யப்படும், பரிசீலிக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் எழுதப் பழகிய நாளிலிருந்து மரியாதையான மொழி என்றால் ஆள் தெரியாத மொழி என்று பழகியிருக்கிறோம். ‘எண்ணினேன்’ என்று எழுதினால் படிப்பறிவு இல்லாதவர் எழுதியதுபோலத் தோன்றுகிறது. ‘கணக்கெடுப்பு மேற்கொள்ளப்பட்டது’ என்றால் ஆபீசர் எழுதியதுபோல இருக்கிறது. இன்னொரு காரணம், இதைவிட ஆழமானது. வேலை செய்தவர் ‘நான் செய்தேன்’ என்று சொல்வதை நம் பணியிடங்கள் விரும்புவதில்லை. முதலாளி கட்டினார், மேனேஜர் மாற்றினார். கீழே இருப்பவர் ‘கூட இருந்தார்’. அந்த அலமாரி யோசனை அந்த ஆலையின் அறிக்கையில் ஏறியிருந்தால் ‘நிர்வாகத்தால் நடைமுறைப்படுத்தப்பட்டது’ என்றுதான் ஏறியிருக்கும்.

ஆள் மறையும் இந்த மொழி மேலே இருப்பவருக்கு ஒருவிதமாகவும் கீழே இருப்பவருக்கு வேறுவிதமாகவும் வேலை செய்கிறது. 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் நாடாளுமன்றத்தில் பேசும்போது, ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தைத் தொட்டுக் கடும் தவறுகள் செய்யப்பட்டன என்றார். யார் செய்தார்கள் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. தவறு வந்தால் மேலே இருப்பவருக்கு அது ஒளிந்துகொள்ளும் இடம். நல்லது நடந்தால் கீழே இருப்பவரை அதே இலக்கணம் அழித்துவிடுகிறது. ஸ்டோர்கீப்பரின் பயோடேட்டாவில் நடந்தது அதுதான். ஒரு வித்தியாசம், இங்கே தன்னை அழித்துக்கொண்டது அவரே.

ஆகவே மாற்றி எழுத உட்கார்ந்தோம். முதலில் அவருடைய மருமகன், பட்டதாரி, ஒரு திருத்தம் செய்து கொண்டுவந்திருந்தான். இணையத்தில் கிடைக்கும் வினைச்சொல் பட்டியல் ஒன்றைப் பார்த்திருக்கிறான். இருப்பு மேலாண்மையை முன்னின்று வழிநடத்தினேன். கொள்முதல் செயல்பாடுகளைத் திறம்பட ஒருங்கிணைத்தேன். இலக்கணப்படி இவை செய்வினை. ஆனால் இவற்றுக்குள்ளும் ஒன்றும் இல்லை. ஒருங்கிணைத்தேன், கையாண்டேன், மேலாண்மை செய்தேன், மேற்பார்வையிட்டேன் ஆகிய சொற்கள் எல்லாம் ‘பொறுப்பாக இருந்தேன்’ என்பதற்குச் சட்டை மாற்றிவிட்டவை. எப்படி அடையாளம் காண்பது? அந்த வினையைக் கேட்டதும் ஒரு மனிதர் கையால் காலால் வாயால் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கண்ணில் தெரிய வேண்டும். ‘எண்ணினேன்’ என்றால் தெரிகிறது. ‘பேரம் பேசினேன்’, ‘மறுத்தேன்’, ‘பயிற்சி கொடுத்தேன்’, ‘திருப்பி அனுப்பினேன்’ என்றால் தெரிகிறது. ‘ஒருங்கிணைத்தேன்’ என்றால் ஒன்றும் தெரியவில்லை.

நாங்கள் எழுதிய முதல் வரி இது. இரவு ஷிப்டில் சீட்டு இல்லாமல் சாமான் போவதுதான் இருப்பு வித்தியாசத்துக்குக் காரணம் என்று தினசரி எண்ணிக்கை மூலம் கண்டுபிடித்தேன். இரண்டாவது: அடிக்கடி தேவைப்படும் சாமான்களுக்கு இரவு அலமாரியும் பதிவு நோட்டும் ஏற்படுத்தினேன், மேஸ்திரியின் யோசனைப்படி, பழையதைத் திருப்பித் தந்தால் புதியது என்ற முறையை அவருடன் சேர்ந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தேன். மூன்றாவது: ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுவதோடு நிற்காமல் தினம் ஒரு அலமாரி எண்ணும் முறையைத் தொடங்கி, ஆலை கைமாறும்வரை நடத்தினேன்.

இரண்டாவது வரியில் மேஸ்திரியைச் சேர்க்க வேண்டுமா என்று மருமகன் கேட்டான். சேர்த்தே ஆக வேண்டும் என்றேன். இந்த வேலையில் நான் மிகக் கவனமாக இருக்கும் இடம் இதுதான். ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ என்ற மூடியை எடுத்துவிட்டு வினைச்சொல்லைப் போடும்போது அந்த வினைக்கு உரிமை கொண்டாடுகிறோம். உரிமைக்கு அளவு உண்டு. யோசனை சொல்வது வேறு, அதை நடத்திக்காட்டுவது வேறு, அதற்கு ஒப்புதல் தருவது வேறு, உடனிருந்து உதவுவது வேறு. ஆங்கிலத்திலும் தமிழிலும் இந்த ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருக்கிறது. அலமாரி வாங்கப் பணம் அனுமதித்தது மேனேஜர். பழையது தந்தால் புதியது என்றது மேஸ்திரி. எண்ணியது, காரணம் கண்டது, நோட்டு கட்டியது, விடாமல் நடத்தியது இவர். மூன்று பேர் பங்கையும் ஒரே வினையில் தன் பெயருக்கு எழுதிக்கொண்டால் அது இன்னொருவரை அழிக்கும் வேலை. தன்னை அழித்துக்கொண்டவர் அடுத்தவரை அழிக்கும் பக்கம் போய்விடக் கூடாது.

நியாயத்தை விட்டுவிட்டுக் காரியமாகப் பார்த்தாலும் அளவு மீறிய வினை நேர்முகத் தேர்வில் தாங்காது. தொழில் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்திருந்தால் அடுத்தடுத்து மூன்று கேள்வி கேட்பார். அது பிரச்சினை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? யார் ஒத்துக்கொள்ளவில்லை? முதலில் செய்து பார்த்தது எது, ஏன் அது நடக்கவில்லை? உண்மையில் செய்தவருக்கு இந்த மூன்றுக்கும் பதில் நாக்கு நுனியில் இருக்கும். இவரிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். முதல் மாதம் நோட்டில் பாதிப்பேர் எழுதாமல் போனதை அப்படியே சொன்னார். அந்தத் தோல்வி அவர் வரிக்கு எடை கூட்டுகிறது. “இருப்பு மேலாண்மையை முன்னின்று வழிநடத்தினேன்” என்று எழுதியவரிடம் யார் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டால் முழிப்பார். வினை பெரிதாக, பதில் சிறிதாக இருந்தால் அந்த வினையைக் கீழே இறக்க வேண்டும்.

அடுத்தது எண். வினையோடு விளைவும் வேண்டும் என்பார்கள். விளைவு என்றால் சதவீதம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். மருமகன் தன் திருத்தத்தில் இருப்பு வித்தியாசம் 85 சதவீதம் குறைந்தது என்று போட்டிருந்தான். எங்கிருந்து வந்தது என்றால் பதில் இல்லை. எடுத்துவிடச் சொன்னேன். பிறகு ஸ்டோர்கீப்பரிடம் கேட்டேன், மார்ச் கணக்கெடுப்பில் எத்தனை சாமானில் வித்தியாசம் வரும் என்று. “மூவாயிரம் ஐட்டமுங்க. நான் போன வருசம் இருநூறுக்கு மேல வந்துச்சு. கடைசியில நாப்பது, நாப்பத்தஞ்சுக்குள்ள.” அதை அப்படியே எழுதினோம்: சுமார் 3,000 சாமான்களில் வித்தியாசம் வந்தவை 200-க்கு மேலிருந்து 50-க்குக் கீழே வந்தன. ‘சுமார்’, ‘மேல்’, ‘கீழே’ என்ற சொற்கள் அங்கே நேர்மையாக உட்கார்ந்திருக்கின்றன. முன்பு அவரோடு வேலை பார்த்த யாரையாவது கூப்பிட்டுக் கேட்டாலும் அதே எண்தான் வரும். ஆலையின் ரெஜிஸ்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதோ, சப்ளையர் விலைகளை பயோடேட்டாவில் போடுவதோ கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவை அவருடையவை அல்ல. பழைய இடத்தின் விலையைக் காட்டுபவர் நாளை நம் விலையையும் காட்டுவார் என்று புது முதலாளி நினைப்பார்.

எண்ணே இல்லாத வேலைகளும் உண்டு. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி. காவல், பராமரிப்பு, இரவுநேர வார்டு, மருந்துக் கிடங்கு. பத்து வருடம் எதுவும் கெட்டுப்போகவில்லை என்றால் அதை எந்த வினையால் சொல்வது? இங்கே நான் கேட்பது, கெட்டுப்போகாமல் இருக்க நீங்கள் தவறாமல் செய்தது என்ன என்பது. மருந்துக் கிடங்கில் இருந்த ஒரு அம்மா சொன்னது: காலாவதி நெருங்கும் மருந்துகளை மாதம் ஒருமுறை முன்வரிசைக்கு நகர்த்துவார், ஆறு மாதம் மட்டுமே மிச்சமிருப்பவற்றின் பட்டியலை டாக்டர்களுக்கு அனுப்புவார், குளிர்பெட்டியின் வெப்பத்தைக் காலை மாலை இருவேளை குறிப்பார். நகர்த்தினேன், அனுப்பினேன், குறித்தேன். சதவீதம் எதுவும் தேவைப்படவில்லை. எத்தனை முறை, எதை, எதற்காக என்பதே அந்த வரியை நிரப்பியது.

ஸ்டோர்கீப்பரின் இரண்டாவது பழைய வரி, கொள்முதலுக்குப் பொறுப்பாக இருந்தேன் என்பது, நாங்கள் பேசியதில் சுருங்கிப்போயிற்று. உண்மையில் அவர் வாங்கவில்லை. கொள்முதல் ஆபீசர் வேறொருவர். இவர் இண்டென்ட் எழுதினார், வந்த சரக்கைச் சரிபார்த்தார், தரமில்லாததைத் திருப்பி அனுப்பினார். ‘பொறுப்பாக இருந்தேன்’ என்ற சொல் சிலவேளை செய்யாததையும் செய்ததுபோலக் காட்டிவிடுகிறது. அவருக்கு அதில் ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. அந்தச் சொல் அவ்வளவு அகலமானது, யார் எதை வேண்டுமானாலும் அதில் போட்டு வைக்கலாம். வந்த சரக்கை மாதிரியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, குறையுள்ளவற்றைத் திருப்பி அனுப்பினேன் என்று எழுதினோம். வரி சிறுத்தது, அவர் நிமிர்ந்தார். இனி யார் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்லலாம்.

எல்லா இடத்திலும் இந்தச் சொல்லைத் துரத்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பொறுப்பே ஒரு செயலாக, சுமையாக இருக்கும் இடங்கள் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஆலையும் தன் மேலாளராக ஒருவர் பெயரை ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. விபத்து நடந்தால், விதி மீறப்பட்டால், வழக்கு அந்தப் பெயர்மேலும் வரும். அப்படிப் பெயர் கொடுத்து இருந்தவர், சட்டப்படி ஆலையின் மேலாளராகப் பொறுப்பேற்றிருந்தேன் என்று எழுதினால் அது காலி வரி அல்ல. அந்தக் காலம் முழுக்க அவர் தலைமேல் தொங்கியதை அது சொல்கிறது. மருந்துக்கடையில் உரிமத்தில் பெயர் உள்ள மருந்தாளுநருக்கும் அப்படியே. இவர்கள் அந்த வரியை வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே அந்தப் பொறுப்பில் செய்த ஒன்றிரண்டு காரியங்களை எழுத வேண்டும். சோதனை எளிது: அந்தப் பொறுப்பு தவறினால் உங்கள் பெயரைத்தான் கேட்பார்களா? ஆம் என்றால் ‘பொறுப்பு’ இருக்கட்டும்.

அதேபோல், செய்தவர் யாரென்று தெரியாதபோதோ, அது முக்கியமில்லாதபோதோ, ‘படு’ போட்டு எழுதுவதில் ஒரு பிழையும் இல்லை. பூட்டு உடைக்கப்பட்டிருந்தது என்று காலையில் எழுதும் காவலாளி சரியாகத்தான் எழுதுகிறார். அவர் கண்டது அவ்வளவு.

கூச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ‘நான் செய்தேன்’ என்று எழுதுவது தற்பெருமை என்று இவரைப் போன்றவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன்; அது அவர்களை நல்ல வேலைக்காரர்களாக ஆக்கிய அதே குணம். ஆனால் பெருமை என்பது வினையில் இல்லை, வினைக்கு முன்னால் ஒட்டவைக்கும் அடையில் இருக்கிறது. திறம்பட, சிறப்பாக, முன்னோடியாக, வெற்றிகரமாக. இவற்றை எல்லாம் அடித்துவிட்டால் மீதமிருக்கும் ‘எண்ணினேன்’ என்பதில் என்ன பெருமை? அது சாட்சி. கோர்ட்டில் நின்று கண்டதைக் கண்டபடி சொல்பவரைத் தற்பெருமைக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. இதைச் சொன்ன பிறகுதான் அவர் தாளை வாங்கி, இன்னொரு வரி இருக்கிறது என்று தானாகவே சொன்னார். ஆலை விற்றுப்போட்ட பழைய மெஷின்களுக்கான உதிரிபாகங்கள் ஸ்டோர்ஸின் பின்பக்கத்தில் வருடக்கணக்காகத் தூங்கியிருக்கின்றன. இவர் ஒவ்வொன்றாக எடுத்து, எந்த மெஷினுக்கு உரியது என்று பழைய கேட்லாக்கில் பார்த்துப் பட்டியல் போட்டு மேனேஜரிடம் கொடுத்திருக்கிறார். மேனேஜர் அவற்றை வேறு ஆலைக்கு விற்றார். விற்றது அவர், பட்டியல் போட்டது இவர். பட்டியலிட்டேன் என்று எழுதிக்கொண்டோம்.

பயோடேட்டாவில் வரிகள் முன்பைவிடக் கூடின. ஆங்கிலத்தில் எழுதும்போது அவை தனித்தனி வினையில் தொடங்கின. தமிழில் வினை கடைசியில் வருவதால் முதலில் தமிழில் சொல்லவைத்து, வரியின் கடைசிச் சொல்லை எடுத்து ஆங்கில வரியின் தலையில் வைத்தோம். பேசத் தெரிந்த எவராலும் இதைச் செய்ய முடியும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ வேலை தேடி விண்ணப்பம் எழுதும் ஒருவர் இருப்பார். அவர் எழுதி முடித்த தாளைத் திருத்த உட்காராதீர்கள். தாளை ஓரமாக வைத்துவிட்டு, அங்கே என்ன தொல்லை இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், கூட யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். அவர் பேசும்போது அவர் வாயில் வரும் வினைச்சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, அவற்றையே அவருக்கு எழுதிக் கொடுங்கள்.